தன் சம்பளத்துக்குத் தானே கை தூக்கலாமா?

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்து இரவு ஒன்றில், ஆய்வுக்கூடத்திலிருந்து களைத்துத் திரும்பிய எனக்கு ஒரு கம்பெனியிடமிருந்து கடிதம் வந்திருந்தது. “அன்புடைய பங்குதாரரே” என்று தொடங்கிய மின்னஞ்சல் அது. சிரிக்காதீர்கள், நண்பர்களே! நானும் ஒரு முதலாளிதான். அந்தக் கம்பெனியில் எனக்கு இருபது பங்குகள் இருக்கின்றன. பிழைப்புத் தேடிப் பூனாவுக்கு வந்து, அங்கேயே முப்பது ஆண்டு ஆலையில் உழைத்து ஓய்வு பெற்ற என் தந்தை, நான் எம்.எஸ்ஸி.யில் சேர்ந்த அன்று வாங்கிக் கொடுத்தவை. “படிப்போடு இதையும் படி. எங்கே பணம் பிறக்கிறது, எங்கே போகிறது என்று தெரியும்” என்றார். அது என்ன கம்பெனி என்பது இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்த வழக்கம் பல கம்பெனிகளிலும் உள்ளதுதான்.

கடிதத்தோடு இருநூறு பக்க அறிக்கை ஒன்றும் வந்திருந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. ஏழாவது தீர்மானம்: மானேஜிங் டைரக்டரை மேலும் ஐந்தாண்டுகளுக்கு நியமிப்பது, அவருக்கு இன்னின்ன சம்பளம், இன்னின்ன படிகள், இலாபத்தில் இவ்வளவு பங்கு தருவது. அவர் கம்பெனியைத் தொடங்கியவருடைய மகன். இலாபம் குறைந்த ஆண்டில் அவர் சம்பளம் மட்டும் ஏன் ஏற வேண்டும் என்று விளக்கக் குறிப்பில் தேடினேன். “தொழில்துறை வழக்கத்துக்கு ஏற்ப” என்ற மூன்று சொற்களுக்கு மேல் கிடைக்கவில்லை. எதிர்ப்பு என்ற கட்டத்தை அழுத்தினேன். இருபது வாக்குகள்!

பக்கத்து அறை நண்பர், வணிகவியல் படிக்கும் திருநெல்வேலித் தம்பி, எட்டிப் பார்த்துச் சிரித்தார். “அண்ணே, நீங்க எதிர்த்து என்ன ஆகப் போவுது? அவரு குடும்பத்துக்கிட்ட நூத்துக்கு அறுபது பங்கு இருக்கு. அவரு சம்பளத்துக்கு அவரே ஓட்டுப் போடுவாரே!”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருவர் தம் சம்பளத்தைத் தாமே வாக்களித்து நிறைவேற்றிக் கொள்ள முடியுமா? சட்டம் அதற்கு இடம் கொடுக்குமா? அந்த இரவு தொடங்கிப் படித்ததன் பயன் இக்கட்டுரை. கொடுக்கிறது என்பதே விடை. கொடுக்கக்கூடாது என்பதே என் கருத்து.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு கம்பெனியின் மானேஜிங் டைரக்டருக்குச் சம்பளம் எப்படி முடிவாகிறது என்பதை முதலில் பார்ப்போம். மூன்று வாசல்களைக் கடந்து அது வர வேண்டும். முதல் வாசல் ஊதியக் குழு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 178ஆம் பிரிவும் செபியின் விதிகளும் இக்குழு இருந்தே ஆகவேண்டும் என்கின்றன. குறைந்தது மூன்று பேர். அவர்களில் எவரும் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவராய் இருத்தல் கூடாது. மூன்றில் இரண்டு பங்கினர் சுயேச்சை டைரக்டர்களாய் இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு வரை பாதிப் பேர் சுயேச்சையாய் இருந்தால் போதும் என்றிருந்தது. கம்பெனியின் தலைவர் இக்குழுவில் உறுப்பினராய் இருக்கலாம், ஆனால் குழுவுக்குத் தலைமை தாங்கலாகாது. இரண்டாவது வாசல் டைரக்டர் குழு. மூன்றாவது, பங்குதாரர்களின் பொதுக்கூட்டம்.

முதல் வாசலில் நல்லவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே நடக்கும் கணக்கு ஒன்றைக் கவனியுங்கள். நம் மானேஜிங் டைரக்டருக்கு எவ்வளவு தரலாம் என்று குழு யோசிக்கும்போது, ஆலோசனை நிறுவனம் ஒன்று அதே தொழிலில் உள்ள பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளின் சம்பளப் பட்டியலைக் கொண்டுவந்து வைக்கிறது. பட்டியலின் நடுவே உள்ள தொகைக்குக் கீழே நம்மவரை வைக்க எந்தக் குழுவுக்கு மனம் வரும்? “நம் ஆள் நடுத்தரத்துக்கும் கீழா?” என்ற கேள்வி எழும். எனவே நடுவுக்கு ஒரு படி மேலே வைப்பார்கள். அடுத்த ஆண்டு இந்தத் தொகை இன்னொரு கம்பெனியின் பட்டியலுக்குள் போய் உட்காரும். அங்கே நடு உயரும். அவர்களும் அதற்கு ஒரு படி மேலே போவார்கள். ஒலிபெருக்கிக்கு எதிரே ஒலிவாங்கியை வைத்தால் கூச்சல் எப்படித் தன்னைத் தானே வளர்த்துக் கொள்கிறது என்பதைப் பௌதிக மாணவர்கள் அறிவோம். அதே கதைதான் இங்கும். யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை, ஆயினும் தொகை ஏறிக்கொண்டே போகிறது.

சட்டம் ஒரு வேலி கட்டியிருக்கிறதே என்பீர்கள். ஆம், கட்டியிருக்கிறது. டைரக்டர்கள் அனைவருக்கும் சேர்த்து ஆண்டு இலாபத்தில் நூற்றுக்கு 11. ஒரே ஒரு மானேஜிங் டைரக்டர் என்றால் அவருக்கு நூற்றுக்கு 5. முழுநேர டைரக்டர்கள் ஒருவருக்கு மேல் என்றால் எல்லாருக்கும் சேர்த்து 10. இந்த 11 என்ற எண் 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருகிறது. மானேஜிங் ஏஜென்சிகள் என்னும் குடும்ப நிறுவனங்கள் கம்பெனிகளை நிர்வகித்து, இலாபத்தில் பெரும் பங்கை உறிஞ்சிக் கொண்டிருந்த காலத்து வேலி அது. அந்த ஏஜென்சி முறை 1970 ஏப்ரலில் ஒழிந்தது. வேலி மட்டும் நிற்கிறது. நின்று என்ன பயன்? ஆயிரம் கோடி ரூபாய் இலாபம் காட்டும் கம்பெனியில் நூற்றுக்கு 5 என்றால் 50 கோடி. ஆடு தாண்டக் கூடாதென்று பனை உயரத்துக்கு வேலி கட்டிவிட்டு, கீழே தாராளமாய் மேய விட்டது போல் இருக்கிறது இது. இதில் இலாபம் என்பதும் நாம் செய்தித்தாளில் பார்க்கும் நிகர இலாபம் அன்று. வருமான வரியையும் டைரக்டர்களின் ஊதியத்தையும் கழிப்பதற்கு முன்னால், சட்டத்தின் 198ஆம் பிரிவு சொல்லும் முறையில் தனியே கணக்கிடுவது.

இந்த வேலியையும் தாண்ட வேண்டுமானால் முன்பு மத்திய அரசின் அனுமதி தேவைப்பட்டது. 2018 செப்டம்பரில் அது நீக்கப்பட்டது. தில்லி அதிகாரி எதற்கு, பங்குதாரர்களே உரிமையாளர்கள், அவர்களே சிறப்புத் தீர்மானத்தால் முடிவு செய்யட்டும் என்றார்கள். நல்ல பேச்சு. நானும் கை தட்டுவேன். ஆனால் அந்தப் பங்குதாரர்களுக்குள் சம்பளம் வாங்குகிறவரும் ஒருவராய், அதுவும் எல்லாரிலும் பெரியவராய் உட்கார்ந்திருக்கிறாரே, அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

இங்கேதான் சிறிது கணக்குப் போட வேண்டும். கஷ்டமான கணக்கு அன்று. சாதாரணத் தீர்மானம் என்றால் விழுந்த வாக்குகளில் ஆதரவு அதிகமாய் இருந்தால் போதும். சிறப்புத் தீர்மானம் என்றால் ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதாவது நூற்றுக்கு 75.

ஒரு கம்பெனியில் மொத்தம் 100 பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். புரமோட்டர் குடும்பத்திடம் 60. மியூச்சுவல் ஃபண்டுகள், காப்புறுதி நிறுவனங்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஆகியோரிடம் 25. என்னைப் போன்ற சில்லறைப் பேர்வழிகளிடம் 15. நாம் எங்கே வாக்களிக்கிறோம்? மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதே அரிது. நம்மிடமுள்ள 15இல் 2 மட்டும் வாக்களிக்கிறது என்று கொள்வோம். ஆக, விழும் வாக்குகள் 87.

சம்பளத் தீர்மானம் சாதாரணத் தீர்மானமாக வந்தால் புரமோட்டரின் 60 வாக்குகளே போதும். மற்றவர்கள் அனைவரும் திரண்டு எதிர்த்தாலும் ஒன்றும் ஆகாது; கூட்டம் கூடுவதே வெறும் சடங்கு. சிறப்புத் தீர்மானமாக வந்தால்? 60 வாக்குகளோடு இன்னும் 6 கிடைத்தால் 66 ஆகிறது, எதிர்ப்பு 21. மூன்று இருபத்தொன்று அறுபத்து மூன்று. 66 அதைவிட அதிகம். தீர்மானம் நிறைவேறுகிறது! புரமோட்டரைத் தவிர்த்து வாக்களித்த 27 பங்குகளில் 21 எதிர்த்தும், சம்பளம் பெறுகிறவரின் வாக்கு அதை வென்றுவிடுகிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பட்டியலிட்ட கம்பெனியில் பொதுமக்கள் கையில் குறைந்தது நூற்றுக்கு 25 பங்குகளாவது இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் புரமோட்டர் 75 வரை வைத்திருக்கலாம். அவர் 75 வைத்திருந்து, மீதி 25 பங்கும், ஒன்று விடாமல், எதிர்த்து வாக்களித்தால் என்ன ஆகும்? 25இன் மூன்று மடங்கு 75. ‘மூன்று மடங்குக்குக் குறையாமல்’ என்றுதானே சட்டம் சொல்கிறது? நிறைவேறிவிட்டது! உலகமே எதிர்த்தாலும் நிறைவேறும் தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு என்று ஏன் பெயர்?

2017இல் கோட்டக் குழு இதையெல்லாம் ஆராய்ந்தது. அதன் பின் செபி ஒரு விதி செய்து, 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புரமோட்டராகவும் முழுநேர டைரக்டராகவும் இருப்பவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் அல்லது நிகர இலாபத்தில் நூற்றுக்கு 2.5, இவற்றில் எது அதிகமோ அதற்கு மேல் தருவதானால் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஒருவருக்கு மேல் இருந்தால் எல்லாருக்கும் சேர்த்து நூற்றுக்கு 5. இது பழைய நிலையைவிட மேல், மறுக்கவில்லை. ஆனால் ‘எது அதிகமோ’ என்ற சொல்லைக் கவனித்தீர்களா? ஆயிரம் கோடி இலாபத்தில் 2.5 என்றால் 25 கோடி. அதுவரைக்கும் சாதாரணத் தீர்மானமே போதும். அதற்கு மேல் சிறப்புத் தீர்மானம் வந்தாலும் சம்பளம் வாங்குகிறவரின் வாக்கு செல்லும்.

“இதெல்லாம் காகிதக் கணக்கு, எந்தச் சம்பளத் தீர்மானம் தோற்றிருக்கிறது?” என்று தம்பி கேட்டார். தோற்றிருக்கிறது. அதுவும் நமக்கு நெருக்கமான ஒரு கம்பெனியில்.

‘புல்லட்’ மோட்டார் சைக்கிளை அறியாத தமிழ் இளைஞன் இருக்கமாட்டான். 1955இல் சென்னையில் பிறந்தது என்ஃபீல்டு தொழில். இன்று அது ஐஷர் மோட்டார்ஸ் கம்பெனியின் கையில் இருக்கிறது. அதன் மானேஜிங் டைரக்டராய் இருந்தவர் சித்தார்த்த லால். புரமோட்டர் குடும்பத்தைச் சேர்ந்தவர். நொடித்துக் கிடந்த என்ஃபீல்டைத் தூக்கி நிறுத்தியவர் என்று பெயர் பெற்றவர். அந்தப் பெயர் பொய்யன்று. 2021 மே மாதம் முதல் மேலும் ஐந்தாண்டுகளுக்கு அவரை நியமிக்கவும், அவர் சம்பளத்தை ஏற்கவும் ஒரே தீர்மானம், சிறப்புத் தீர்மானமாக, 2021 ஆகஸ்டில் பொதுக்கூட்டத்துக்கு வந்தது. சம்பளத்தின் உச்ச வரம்பு இலாபத்தில் நூற்றுக்கு 3.

முடிவு என்ன தெரியுமா? விழுந்த வாக்குகளில் ஏறக்குறைய 73 ஆதரவு, 27 எதிர்ப்பு. 75 இல்லை, தீர்மானம் வீழ்ந்தது.

செய்தித்தாள்கள் “73 சதவிகித ஆதரவு இருந்தும் தோல்வி” என்பதோடு நிறுத்திக்கொண்டால் நாம் ஏமாந்து போவோம். உள்ளே புகுந்து பாருங்கள். புரமோட்டர் தரப்பில் அப்போது ஏறத்தாழ 49 பங்கு. அவை அத்தனையும் ஆதரவாக விழுந்தன என்று கொள்வோம். கம்பெனியின் எல்லாப் பங்குகளும் வாக்களித்திருந்தால், 73இல் 49 போக, மற்றவர்களின் ஆதரவு 24, எதிர்ப்பு 27. அதாவது வெளியாரில் எதிர்த்தவர்களே அதிகம். எல்லாப் பங்குகளும் வாக்களிக்கவில்லை என்றால் நிலை இன்னும் மோசம். ஏனெனில் வாக்களிக்காமல் விடுவோர் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களே, விழுந்த வாக்குகளில் புரமோட்டரின் பங்கு 49ஐவிட உயரும், 73இல் மற்றவர்களுக்கு மிஞ்சுவது குறையும். எந்த வழியில் கணக்கிட்டாலும் வெளியாரின் தீர்ப்பு ஒன்றுதான். புரமோட்டரிடம் இன்னும் ஒரு சில பங்குகள் கூடுதலாய் இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பு எவர் கண்ணுக்கும் படாமலே போயிருக்கும்.

பின்னர் நடந்தது இன்னும் பாடம் தருவது. கம்பெனி இடிந்து போகவில்லை. லால் வெளியேறவுமில்லை. ஒரு வாரத்துக்குள் டைரக்டர் குழு கூடியது. அவரை மீண்டும் நியமித்து, சம்பள வரம்பை இலாபத்தில் நூற்றுக்கு 3 என்பதிலிருந்து 1.5 ஆகக் குறைத்தது. முன்பு ஒன்றாய்க் கட்டியிருந்த நியமனத்தையும் சம்பளத்தையும் பிரித்து, இரு தீர்மானங்களாகப் பங்குதாரர்களின் முன் வைத்தது. தபால் வாக்கெடுப்பில் இரண்டும் நிறைவேறின. ஆளை வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை; இவ்வளவு வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஒரே தீர்மானத்தில் இரண்டையும் பிணைத்திருந்தபோது அதைச் சொல்ல வழியில்லை. மாப்பிள்ளை பிடித்திருந்தால் வரதட்சிணையும் பிடித்ததாகத்தான் பொருள் என்பதுபோல இருந்தது அந்தப் பிணைப்பு.

சம்பளம் வாங்குகிறவர் புரமோட்டராய் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு 2014ஆம் ஆண்டு டாட்டா மோட்டார்ஸ் ஒரு சான்று. இலாபம் போதாத ஆண்டில் உயர் அதிகாரிகள் மூவருக்குச் சட்ட வரம்புக்கு மேல் தந்த ஊதியத்துக்கு ஒப்புதல் கேட்டார்கள். ஒருவர் அந்த ஆண்டின் தொடக்கத்தில் காலமாகிவிட்ட மானேஜிங் டைரக்டர். மூன்று தீர்மானங்களும் முக்கால் பங்கு ஆதரவு பெறாமல் வீழ்ந்தன. கம்பெனி மேலும் விளக்கம் எழுதி மறுபடி கேட்டது. 2015 தொடக்கத்தில் பங்குதாரர்கள் ஒப்பினார்கள். வாக்குரிமை மெய்யாக இருந்தபோது, கேட்கிறவர்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. நான் பார்த்த அறிக்கையில் “தொழில்துறை வழக்கத்துக்கு ஏற்ப” என்ற மூன்று சொற்களே போதுமாயிருந்தன. வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது தெரிகிறதல்லவா?

இனி, தம்பி எடுத்து வைத்த எதிர்வாதத்துக்கு வருகிறேன். அது வலுவான வாதம்; தள்ளிவிடக் கூடாது. “அண்ணே, அறுபது பங்கு அவருடையது. கம்பெனிப் பணத்துல அறுபது காசு அவரு காசு. தன் காசைத் தானே அதிகமா எடுத்துக்க யாராவது ஆசைப்படுவாங்களா? அவரைவிடக் கம்பெனி மேல அக்கறை யாருக்கு?”

கம்பெனி ஒரு ரூபாயைச் சம்பளமாகத் தருகிறது என்று வையுங்கள். அந்த ரூபாயில் 60 காசு புரமோட்டருக்கு உரியது, உண்மை. 40 காசு மற்றவர்களுக்கு உரியது. சம்பளமாக அது போகும்போது முழு ரூபாயும் அவர் பைக்குள் போகிறது. அதே ரூபாயை டிவிடெண்டாகப் பிரித்திருந்தால் அவருக்கு 60 காசுதான் கிடைத்திருக்கும். மீதி 40 என் தந்தையைப் போன்றவர்களுக்கு வந்திருக்கும். ஆகவே சம்பளமாக எடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் அவருக்கு 40 காசு மிச்சம். கம்பெனி என்னும் கிணற்றில் டிவிடெண்டு என்ற வாளி எல்லாருக்கும் பங்குப்படி நீர் தருகிறது. சம்பளம் என்ற வாளி ஒருவருக்கே தருகிறது. இரண்டாவது வாளியின் அளவை அந்த ஒருவரே முடிவு செய்யலாமா? அவர் உழைப்புக்கு ஊதியம் வேண்டும். அதை மறுப்பவன் மூடன். எவ்வளவு என்பதைத்தான் 40 காசுக்குரியவர்கள் சொல்ல வேண்டும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த நியாயம் அன்று. நம் சட்டமே பிற இடங்களில் ஏற்றுக்கொண்டதுதான். டைரக்டர் குழுவில் தம் சம்பளப் பேச்சு வரும்போது, அதில் தொடர்புள்ள டைரக்டர் கலந்துகொள்ளாமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது விதி. கம்பெனி தன் புரமோட்டரின் வேறொரு கம்பெனியோடு பெரிய அளவில் கொடுக்கல் வாங்கல் செய்வதானால், பங்குதாரர்களின் ஒப்புதல் வேண்டும். அந்தத் தீர்மானத்தை நிறைவேற்ற, தொடர்புடையவர்கள் வாக்களிக்கக் கூடாது என்பது செபியின் விதி. இன்னும் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். ஒரு புரமோட்டரின் மகனை மாதம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்தில் கம்பெனி அதிகாரியாக அமர்த்துவதானால், சில விலக்குகள் தவிர, பங்குதாரர்களின் ஒப்புதல் தேவை. அதில் தந்தை வாக்களிக்க முடியாது. அதே மகனை முழுநேர டைரக்டராக உயர்த்தி, பல கோடி சம்பளம் கொடுத்தால், தந்தையும் வாக்களிக்கலாம், மகனும் வாக்களிக்கலாம்! சிறிய சம்பளத்துக்குப் பெரிய பூட்டு, பெரிய சம்பளத்துக்குத் திறந்த கதவு. அறைக்குள் எழுந்து வெளியே போகிற மனிதர், மண்டபத்துக்கு வந்ததும் அறுபது வாக்குகளோடு அமர்கிறார்.

பிரிட்டனில் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, பட்டியலிட்ட கம்பெனிகள் டைரக்டர்களின் ஊதிய அறிக்கையை ஆண்டுதோறும் பங்குதாரர்களின் வாக்குக்கு வைக்கின்றன. 2003இல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் என்னும் மருந்துக் கம்பெனியில் பாதிக்குச் சற்று மேலானவர்கள் எதிர்த்து வாக்களித்தனர். அந்த வாக்கு வெறும் ஆலோசனை வாக்கு, கட்டுப்படுத்தாது. ஆனாலும் கம்பெனி தலைகுனிந்து தன் ஊதியத் திட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது. அமெரிக்காவிலும் 2011 முதல் இத்தகைய ஆலோசனை வாக்கு உண்டு. நம் நாட்டு வாக்கு அவற்றைவிட வலிமையானது, கட்டுப்படுத்துவது. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை, நியமனத்தின்போது மட்டும் வருவது. அந்நாடுகளில் பங்குகள் பலர் கையில் சிதறிக் கிடக்கின்றன. அங்கே கவலை, பங்குதாரருக்குப் பணியாத மானேஜர். இங்கே பெரும்பாலும் பெரிய பங்குதாரரும் மானேஜரும் ஒருவரே. ஆகவே அவர்கள் மருந்தை அப்படியே வாங்கிக் குடித்தால் நம் நோய் தீராது. ஆண்டுதோறும் வாக்கெடுப்பு வைத்தாலும், ஆண்டுதோறும் அவரே வெல்வார்.

நான் கேட்பது இரண்டே. நியமனமும் சம்பளமும் தனித்தனித் தீர்மானங்களாக வர வேண்டும். புரமோட்டர் டைரக்டரின் சம்பளத் தீர்மானத்தில் அவரும் அவர் குடும்பத்தாரும் வாக்களிக்கலாகாது. மற்றவர்களின் சாதாரணப் பெரும்பான்மை போதும், முக்கால் பங்குகூட வேண்டாம். சிறுபான்மைப் பங்குதாரர்கள் விளையாட்டாய் எதிர்த்து நல்ல நிர்வாகியை விரட்டிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானதே. ஒரு பெரிய முதலீட்டாளர் வேறு பகையைத் தீர்த்துக்கொள்ளவும் இந்த வாக்கைப் பயன்படுத்தலாம். அதற்காகத்தான் நியமனத்தில் புரமோட்டரின் வாக்கை நான் பறிக்கச் சொல்லவில்லை. சம்பளத் தீர்மானம் வீழ்ந்தால் பழைய சம்பளமே தொடரட்டும், புதிய விளக்கத்தோடு மீண்டும் கேட்கட்டும். ஐஷரில் நடந்தது அதுவே.

இதெல்லாம் பங்கு வைத்திருப்பவர்கள் பாடு, விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்துக்கே தாளம் போடும் நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். ஊரில் உங்கள் தந்தையோ தாய்மாமனோ மாதம் ஆயிரம் ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அந்த 40 காசில் அவர்கள் காசும் கலந்திருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாத் தீர்மானங்களிலும் வாக்களித்தே ஆகவேண்டும்; எப்படி வாக்களித்தன, ஏன் என்பதைத் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மாமா ஃபண்டு எந்தப் பக்கம் கை தூக்கியது என்பதை மருமகன் பார்த்துச் சொல்லலாம்.

வாக்கெடுப்பின் முடிவைப் பார்ப்பதும் எளிது. பொதுக்கூட்டம் முடிந்து இரண்டு வேலை நாட்களுக்குள் கம்பெனி அதைப் பங்குச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். சந்தையின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒரு பட்டியல், அதில் மூன்று வரிசைகள்: புரமோட்டர்கள், பொதுவில் நிறுவனங்கள், பொதுவில் மற்றவர்கள். ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பங்கு, எத்தனை வாக்கு, ஆதரவு எவ்வளவு, எதிர்ப்பு எவ்வளவு என்று இருக்கும். கீழே பெரிய எழுத்தில் உள்ள மொத்தத்தை விட்டுவிடுங்கள். முதல் வரிசையைக் கையால் மறைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கூட்டுங்கள். உண்மையான தீர்ப்பு அங்கே இருக்கிறது.

என் கம்பெனியின் பட்டியல் மூன்றாம் நாள் வந்தது. தம்பியும் நானும் சேர்ந்து பார்த்தோம். ஏழாவது தீர்மானம் நிறைவேறியிருந்தது. முதல் வரிசையில் எதிர்ப்பு பூஜ்யம். இரண்டாவது வரிசையில் ஆதரவைவிட எதிர்ப்பு அதிகம். மூன்றாவது வரிசையின் எதிர்ப்பு எண்ணிக்கையில் என் இருபதும் எங்கோ கலந்திருந்தது. தம்பி முதல் வரிசையின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, வாய்க்குள் கூட்டத் தொடங்கினார்.